வசூல் ஊழியரின் கையாடல்: ஃபிடிலிட்டி கேரண்டி கிளெய்முக்கு ஆடிட் அறிக்கையை எப்படி எழுதுவது?

கூடல்நகர் | 2025 ஏப்ரல் 6

மதுரையில் நானும் என் அண்ணனும் பங்குதாரர்களாக மருந்து மொத்த விற்பனை நிறுவனம் ஒன்றை நடத்தி வருகிறோம். 63 மருந்துக் கடைகளுக்குக் கடனில் சரக்கு கொடுக்கிறோம். ஏழு ஆண்டுகளாக எங்களிடம் இருந்த வசூல் ஊழியர்தான் கடைகளுக்குச் சென்று, பணம் வாங்கி, ரசீது எழுதிக் கொடுத்து, மாலையில் அலுவலகத்தில் கட்டுவார். இந்த ஆண்டு பிப்ரவரி 12 அன்று ஒரு கடைக்காரர் தொலைபேசியில் அழைத்து, தான் கட்டிவிட்ட தொகை இன்னமும் பாக்கியாக நிற்பது ஏன் என்று கேட்டார். அவரிடம் எங்கள் ரசீது இருந்தது. எங்கள் ரொக்கப் புத்தகத்தில் அந்தத் தொகை இல்லை. இரண்டு நாள் கழித்து ஊழியர் வேலைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

அவர் பெயரில், ஊழியரின் நேர்மையற்ற செயலால் வரும் இழப்பை ஈடுசெய்யும் ஃபிடிலிட்டி கேரண்டி பாலிசி ஐந்து லட்சம் ரூபாய்க்கு இருக்கிறது. பிப்ரவரி 17 அன்று காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் தகவல் கொடுத்தோம். 19 அன்று போலீசில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது பெற்றோம், மார்ச்சில் எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டது. கண்டுபிடித்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முழு விவரங்களோடு கிளெய்ம் தர வேண்டும் என்று பாலிசியில் உள்ளது. எங்கள் ஆடிட்டர் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வரைவு அறிக்கையை நான்தான் எழுதினேன். அதன் முதல் வாக்கியம் இது:

"நம்பிக்கைத் துரோகியான மேற்படி ஊழியர் நிறுவனத்தைத் திட்டமிட்டு ஏமாற்றி ரூ. 7,90,000 சுருட்டிவிட்டார்."

ஆடிட்டர் இதில் கையெழுத்திட மறுக்கிறார். நடந்தது இதுதானே, இதை எழுதுவதில் என்ன தவறு என்பது என் கேள்வி. இத்துறையில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வழக்குக்கட்டு | 2025 ஏப்ரல் 6

உங்கள் ஆடிட்டர் செய்வது சரியே. நீதிமன்றம் தண்டிக்கும் வரை யாரையும் குற்றவாளி என்று எழுதக் கூடாது, அது அவதூறாகலாம். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்திய தண்டனைச் சட்டம் 408-ஆம் பிரிவின்படி தீர்ப்பு வந்த பிறகுதான் காப்பீட்டு நிறுவனம் பணம் தரும். ஆகவே அறிக்கைக்கு இப்போது அவசரமே இல்லை, வழக்கு முடியட்டும்.

பழைய சர்வேயர் | 2025 ஏப்ரல் 7

முதலில், மேலே சொல்லப்பட்டதை நம்பி மூன்று மாதத்தைத் தவறவிட்டுவிடாதீர்கள். குற்றவாளி என்ற சொல்லைப் பற்றி நண்பர் சொன்னது சரி. தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது சரியல்ல. நான் பார்த்த பாலிசிகள் புகாரையும் எஃப்.ஐ.ஆரையும் கேட்கும், வழக்கில் ஒத்துழைக்கச் சொல்லும். தண்டனைத் தீர்ப்பைக் கேட்பதில்லை. உங்கள் பாலிசியின் நிபந்தனைப் பக்கத்தை ஒரு முறை படித்து இதை உறுதிசெய்துகொள்ளுங்கள். மேலும், 2024 ஜூலை 1-க்குப் பின் நடந்த செயல்களுக்குப் பழைய 408 பொருந்தாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 316(4) பிரிவுதான் வரும். எஃப்.ஐ.ஆரில் எந்தப் பிரிவு உள்ளது என்று பாருங்கள்.

இப்போது உங்கள் வாக்கியத்துக்கு வருகிறேன். இழப்பை மதிப்பிட காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் அதை வாசித்தால், அவருக்கு ஒரே ஒரு தகவல்தான் கிடைக்கிறது: 7,90,000 என்ற எண். துரோகி, திட்டமிட்டு, சுருட்டினார் என்பவை உங்கள் முடிவுகள். சர்வேயர் தாமே ஒரு முடிவுக்கு வர வேண்டியவர். அதற்கு அவருக்கு எந்த ரசீது, எந்தத் தேதி, யார் கையெழுத்து, அது எந்தக் கணக்கில் இல்லை என்பவைதான் வேண்டும். நடுநிலையாக எழுதுவது என்றால் ஊழியர் மேல் இரக்கம் காட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் அடியிலும் ஒரு தாள் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

அந்த எண்ணைப் பற்றியும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. 7,90,000 என்ற தொகை எப்படி வந்தது? வசூல் ஊழியர்களின் கையாடலில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது ரொட்டேஷன் விடுவதைத்தான். எடுத்துக்காட்டாக, ஜனவரி 6 அன்று முதல் கடையில் வாங்கிய 30,000 ரூபாயை அவர் வைத்துக்கொள்கிறார். 17 அன்று இரண்டாவது கடையில் வாங்கிய 30,000 ரூபாயை முதல் கடையின் பெயரில் கட்டுகிறார். 29 அன்று மூன்றாவது கடையின் 30,000, இரண்டாவது கடையின் பெயரில் கட்டப்படுகிறது. மூன்று கடைகளின் ரசீதுத் தேதியும் ரொக்கப் புத்தகத் தேதியும் பொருந்தவில்லை என்று மூன்றையும் கூட்டினால் 90,000 வரும். ஆனால் உங்கள் கையை விட்டுப் போனது 30,000 மட்டுமே. கடைசிக் கடையின் பணம்தான் உள்ளே வரவில்லை. தாமதமாக வந்தவற்றையெல்லாம் நீங்கள் இழப்பில் சேர்த்திருந்தால் கிளெய்ம் ஊதிப் பெருத்திருக்கும். பிறகு அது தெரியவரும்போது உங்கள் மற்ற எண்களையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

பங்க்காரர் | 2025 ஏப்ரல் 8

எனக்கும் இதே பிரச்சினைதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பெட்ரோல் பங்கில் டீசல் இருப்பு கணக்கைவிட 1,900 லிட்டர் குறைந்தது. மூன்று ஷிப்டுகளில் ஒன்பது பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று கிளெய்ம் போட்டேன், மறுத்துவிட்டார்கள். எங்கள் அறிக்கையில் ஒரு கடுமையான சொல்கூட இல்லை, எல்லாமே நடுநிலையாகத்தான் இருந்தது. ஆகவே மொழியால் எதுவும் ஆகப்போவதில்லை என்பது என் அனுபவம். ஊழியர் திருடுவதற்குத்தானே பிரீமியம் கட்டுகிறோம்? மறுப்புக் கடிதத்தை இன்றும் வைத்திருக்கிறேன்.

பழைய சர்வேயர் | 2025 ஏப்ரல் 8

உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் உங்களுடையது வேறு பிரச்சினை. இருப்பு எடுக்கும்போது தெரியும் குறைவு மட்டும் இந்தப் பாலிசியில் இழப்பாகாது. ஆவியாதல், அளவுகோல் பிழை, பில் போடாத விற்பனை என்று அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஊழியரின் நேர்மையற்ற செயல்தான் இழப்பை உண்டாக்கியது என்று காட்ட வேண்டும். தனித்தனி ஆளுக்கு எடுத்த பாலிசி என்றால் அந்த ஆள் யார் என்றும் காட்ட வேண்டும். கூடல்நகர் அவர்களிடம் ஒரே ஆள் எழுதிய ரசீது இருக்கிறது. உங்களிடம் இருந்தது ஒன்பது பேரும் ஒரு குறைவும்.

கூடல்நகர் | 2025 ஏப்ரல் 13

ஒரு வாரம் உட்கார்ந்து திரும்பக் கணக்கிட்டோம். சர்வேயர் ஐயா சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. ரசீதுத் தேதிக்கும் ரொக்கப் புத்தகத் தேதிக்கும் மூன்று நாளுக்கு மேல் இடைவெளி உள்ள எல்லா வசூலையும் நான் கூட்டியிருந்தேன். அவற்றில் 3,20,500 ரூபாய் தாமதமாக, ஆனால் முழுமையாக உள்ளே வந்திருக்கிறது. அதைக் கழித்தால் மீதி 4,69,500.

இந்த மீதியை எந்தச் சான்றின் மேல் நிற்கிறது என்பதை வைத்து மூன்றாகப் பிரித்துவிட்டேன். முதல் பிரிவில் கடைக்காரரிடம் மூல ரசீது உள்ள 11 வசூல்கள், ரூ. 3,36,900. இரண்டாவது பிரிவில் நான்கு கடைகள் ஊழியரின் சொந்த யூபிஐ எண்ணுக்கு அனுப்பிய ஆறு தொகைகள், ரூ. 74,600, அவர்களுடைய வங்கிக் கணக்கு விவரம் கையில் இருக்கிறது. மூன்றாவது பிரிவில், ரொக்கமாகக் கொடுத்தோம், ரசீது வாங்கவில்லை என்று மூன்று கடைகள் சொல்லும் ரூ. 58,000.

ஆடிட்டர் மேசையில் பார்த்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ரசீது எண் 2386-இன் மூலப்படியைக் கடைக்காரரிடமிருந்து வாங்கி வந்து, புத்தகத்தில் உள்ள கார்பன் நகலின் அருகில் வைத்தோம். மூலப்படியில் 18,500, நகலில் 8,500. எட்டு, ஐந்து, இரண்டு சுழியங்கள் ஆகியவை இரண்டு தாளிலும் ஒரே இடத்தில், ஒரே சாய்வில் உள்ளன. ஒன்று என்ற இலக்கம் மூலப்படியில் மட்டும் சற்று இடப்பக்கம் ஒதுங்கி, கொஞ்சம் கருத்த மையில் நிற்கிறது. எழுத்தால் எழுத வேண்டிய வரி நகலில் காலியாக உள்ளது. மூலப்படியில் பதினெட்டாயிரத்து ஐநூறு என்று இருக்கிறது. இதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தில், "போலி ரசீது தயாரித்தார்" என்று எழுதத்தான் கை போனது. ஆடிட்டர் நான் மேலே விவரித்ததை மட்டும் எழுதி, இரண்டு தாளின் ஒளிநகலையும் ஒரே பக்கத்தில் இணைத்தார். ஏழு ஆண்டுகள் எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வந்து பந்தியில் பரிமாறியவர் அவர். அந்தப் பக்கத்தைப் படித்தபோது, அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவைப்படவில்லை என்பது எனக்கே புரிந்தது.

தணிக்கை தஞ்சை | 2025 ஏப்ரல் 14

நான் பட்டயக் கணக்கர்; இத்தகைய அறிக்கைகள் சிலவற்றை எழுதியிருக்கிறேன். உங்கள் முதல் பிரிவின் கூட்டல் சரிதானா என்று பாருங்கள். ரசீது 2386-இல் 8,500 ரூபாய் உள்ளே வந்துவிட்டது. வராதது 10,000 மட்டுமே. அந்த 18,500 முழுவதையும் இழப்பில் சேர்த்திருக்கிறீர்களா?

நடுநிலை மொழியைப் பற்றி இங்கே சொல்லப்பட்டதோடு ஒன்று சேர்க்க விரும்புகிறேன். இந்தப் பாலிசி நேர்மையற்ற செயலால் வந்த இழப்புக்குத்தான் பொறுப்பேற்கிறது. கவனக்குறைவால் வந்ததற்கு அல்ல. ஆகவே எண்களை மட்டும் அடுக்கிவிட்டு நிறுத்தினால் அறிக்கை குறைப்பட்டதாகிவிடும். நோக்கத்தை நாம் எழுத முடியாது. அது மனத்துக்குள் இருப்பது. ஆனால் கவனப்பிழை என்ற விளக்கம் ஏன் பொருந்தவில்லை என்பதைத் தாள்களைக் கொண்டே காட்ட முடியும். தொகையைப் பதிய மறந்திருந்தால் மூலப்படியும் நகலும் ஒரே எண்ணைக் காட்டும். நிறுவனத்தின் யூபிஐ எண் ரசீதிலேயே அச்சிடப்பட்டிருக்க, பணம் வேறொரு எண்ணுக்குப் போயிருக்கிறது. இப்படி வேறு விளக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதற்கு எதிராக நிற்கும் ஆவணத்தைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். முடிவு படிப்பவருடையது.

இன்னொரு கேள்வியும் உண்டு. பாலிசி எடுக்கும்போது கொடுத்த புரொபோசல் படிவத்தில் உங்கள் உள்கட்டுப்பாட்டு முறை என்று என்ன எழுதிக் கொடுத்தீர்கள்? அதைக் கட்டாயம் எடுத்துப் பாருங்கள்.

கூடல்நகர் | 2025 ஏப்ரல் 16

நீங்கள் சொன்னது உண்மை. இலக்கம் மாறிய ரசீதுகள் மூன்று உள்ளன. அவற்றில் உள்ளே வந்த 8,500, 9,000, 7,000 ஆகியவற்றையும் சேர்த்துக் கூட்டியிருந்தேன். 24,500 ரூபாயைக் கழித்தால் முதல் பிரிவு 3,12,400, மொத்தம் 4,45,000. மீதி எட்டு ரசீதுகளும் 2401 முதல் 2450 வரையிலான புத்தகத்தைச் சேர்ந்தவை. அந்தப் புத்தகம் அலுவலகத்துக்குத் திரும்பவில்லை. அதைப் பெற்றுக்கொண்டதற்கு அவருடைய கையெழுத்து வழங்கல் பதிவேட்டில் இருக்கிறது. ஐம்பது தாளில் எட்டைத்தான் பார்த்திருக்கிறோம். 63 கடைகளுக்கும் பாக்கி உறுதிக் கடிதம் அனுப்பினோம். 52 பதில்கள் வந்துள்ளன. மீதிக் கடைகளில் என்ன இருக்கிறது என்று இன்று சொல்ல முடியாது என்பதையும் அறிக்கையில் எழுதச் சொல்லிவிட்டேன்.

புரொபோசல் படிவம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. "ஒவ்வொரு மாதமும் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் பாக்கிப் பட்டியல் அனுப்பப்படும்" என்று எழுதி, என் கையெழுத்தும் இருக்கிறது. எங்கள் கணக்காளர் பிரசவ விடுப்பில் போன ஜூலை முதல் டிசம்பர் வரை அது நடக்கவில்லை. ஒரு தற்காலிக ஆள்தான் இருந்தார். "2024 ஜூலை முதல் டிசம்பர் வரை பாக்கிப் பட்டியல் அனுப்பப்படவில்லை" என்று எழுதினால் கிளெய்ம் அதோடு முடிந்துவிடுமா?

வழக்குக்கட்டு | 2025 ஏப்ரல் 16

அந்த வரியை ஏன் எழுத வேண்டும்? அறிக்கை கையாடலைப் பற்றியது. உங்கள் கட்டுப்பாட்டில் இருந்த குறையை நீங்களே எடுத்துக் கொடுப்பது தற்கொலைக்குச் சமம். கேட்டால் பதில் சொல்லுங்கள்; கேட்காததைச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய சர்வேயர் | 2025 ஏப்ரல் 17

இதில் நான் கடுமையாக மாறுபடுகிறேன். காப்பீட்டு ஒப்பந்தத்தில் முக்கியமான ஒன்றைத் தெரிந்தே மறைப்பது, கிளெய்முக்குக் குறையைவிடப் பெரிய ஆபத்து. சர்வேயர் வந்தால் முதலில் கேட்கும் கோப்புகளில் பாக்கிப் பட்டியல் கோப்பும் ஒன்று. ஆறு மாதம் காலியாக இருப்பதை அவரே கண்டுபிடித்தால், அதற்குப் பிறகு உங்கள் ரசீது ஒளிநகல்களையும் அவர் வேறு கண்ணோடு பார்ப்பார். குறை ஒன்று இருந்தால் முழுத் தொகையும் போய்விடும் என்பதும் இல்லை. அந்தக் குறைக்கும் இழப்புக்கும் எவ்வளவு தொடர்பு என்று வாதிட இடம் உண்டு. மறைத்துவிட்டால் வாதிடுவதற்கு உங்களுக்கு முகம் இருக்காது.

தணிக்கை தஞ்சை | 2025 ஏப்ரல் 17

எழுதத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் எழுதிய வடிவத்தில் அல்ல. "அனுப்பப்படவில்லை" என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் பார்த்தது காலியான கோப்பை. கோப்பில் படி இல்லை என்பது ஒரு செய்தி. அனுப்பவில்லை என்பது வேறொரு செய்தி. "2024 ஏப்ரல், மே, ஜூன் மாதங்களின் படிகள் கோப்பில் உள்ளன, ஜூலை முதல் டிசம்பர் வரையிலான படிகள் கோப்பில் காணப்படவில்லை, அக்காலத்தில் பணியில் இருந்த தற்காலிகக் கணக்காளர் இன்னும் விசாரிக்கப்படவில்லை" என்று எழுதுங்கள். ஊழியர் விஷயத்தில் கடைப்பிடித்த அதே அளவுகோல்தான் உங்கள் விஷயத்திலும்.

கூடல்நகர் | 2025 ஏப்ரல் 22

அம்மையீர், உங்கள் அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

தற்காலிகக் கணக்காளர் இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறார். தொலைபேசியில் கேட்டபோது, ஆகஸ்டிலும் அக்டோபரிலும் பட்டியலை அச்செடுக்காமல் அலுவலகக் கைப்பேசியிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதாகச் சொன்னார். பழைய கைப்பேசியை எடுத்து சார்ஜ் போட்டுப் பார்த்தோம். இரண்டு மாதமும் 41 கடைகளுக்கு அனுப்பியது இருக்கிறது. மீதி 22 கடைகளுக்கு இல்லை. ஜூலை, செப்டம்பர், நவம்பர், டிசம்பரில் யாருக்குமே இல்லை. நான் முன்பு எழுதவிருந்த வாக்கியம் பொய்யாகியிருக்கும், அதுவும் எனக்கே எதிரான பொய்யாக. இப்போது கண்டதைக் கண்டபடி, எண்ணிக்கையோடு எழுதிவிட்டோம். மொத்தத்தில் பார்த்தால் குறை குறைதான். ஆறு மாதக் காலி என்பது மட்டும் இல்லை.

வழக்குக்கட்டு | 2025 ஏப்ரல் 22

அந்தக் கைப்பேசியை யாரும் மாற்றவோ அழிக்கவோ வேண்டாம். நீதிமன்றத்தில் அந்தச் செய்திகளைத் தாக்கல் செய்ய பாரதிய சாட்சிய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். முந்தைய என் ஆலோசனையை நான் திரும்பப் பெறுகிறேன். மறைக்கச் சொன்னது தவறு.

கூடல்நகர் | 2025 ஏப்ரல் 29

புதிய சிக்கல் ஒன்று வந்திருக்கிறது. டிசம்பர் மாத பாக்கிப் பட்டியலின் அலுவலக அச்சுத்தாளில், ஒரு கடையின் பெயருக்கு நேரே தற்காலிகக் கணக்காளர் பென்சிலால் எழுதியிருக்கிறார்: "18/12. கட்டிவிட்டதாகச் சொல்கிறார். வசூலரிடம் கேட்க வேண்டும்." அதன் பிறகு எந்தக் குறிப்பும் இல்லை. ஊழியரிடம் கேட்டதாகவும், அடுத்த வாரம் கட்டுகிறேன் என்று அவர் சொன்னதாகவும் கணக்காளருக்கு நினைவு இருக்கிறது. அந்தத் தொகையும் டிசம்பர் 27 அன்று உள்ளே வந்துவிட்டது. என்னிடமோ அண்ணனிடமோ அவர் எதுவும் சொல்லவில்லை.

எங்கள் பாலிசியின்படி, கண்டுபிடித்த பிறகு அதே ஊழியர் செய்யும் செயல்களுக்குக் காப்பு இல்லை. முதல் இரண்டு பிரிவுகளில் உள்ள 3,87,000 ரூபாயில் டிசம்பர் 18-க்கு முந்தையது 1,51,000, பிந்தையது 2,36,000. கண்டுபிடித்த நாள் டிசம்பர் 18 என்று கொண்டால் பெரும்பகுதி போய்விடும். பிப்ரவரி 12 என்றால் எல்லாம் நிற்கும்.

பழைய சர்வேயர் | 2025 ஏப்ரல் 30

என் கருத்தில் இது கண்டுபிடிப்பு அல்ல. மொத்த வியாபாரத்தில் "கட்டிவிட்டேன்" என்று சொல்லும் கடைக்காரர் மாதத்துக்கு நான்கு பேராவது இருப்பார்கள். சந்தேகம் வேறு, கண்டுபிடிப்பு வேறு. உரிமையாளர் கையில், நேர்மையற்ற செயல் நடந்திருக்கிறது என்று நியாயமாக நம்பத்தக்க சான்று கிடைத்த நாளைத்தான் கண்டுபிடித்த நாள் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

தணிக்கை தஞ்சை | 2025 ஏப்ரல் 30

ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் இவ்வளவு உறுதியாக என்னால் சொல்ல முடியவில்லை. கணக்காளர் நிறுவனத்தின் ஆள். கட்டிவிட்டதாகச் சொன்ன கடைக்காரரின் பெயருக்கு ஊழியர் அடுத்த வாரம் கட்டுகிறேன் என்று சொன்னால், வசூலான பணம் அவர் கையில் இருக்கிறது என்பதை அவரே ஒப்புக்கொண்டதாக ஆகாதா? அந்தப் பதிலைக் கேட்ட நொடியில் நிறுவனத்துக்குத் தெரிந்துவிட்டது என்று காப்பீட்டு நிறுவனம் வாதிட்டால், அது வலுவற்ற வாதம் அல்ல. கணக்காளருக்குத் தெரிந்தது உரிமையாளருக்குத் தெரிந்ததாகுமா என்பது பாலிசியின் சொற்களைப் பொறுத்தது. அறிக்கையில் இந்த விவாதம் எதுவும் வர வேண்டாம். பென்சில் குறிப்பை உள்ளபடி எடுத்தெழுதுங்கள். கணக்காளரின் நினைவை அவர் கையெழுத்திட்ட வாக்குமூலமாக இணைத்து, அது இப்போது நினைவிலிருந்து சொல்லப்பட்டது என்று குறிப்பிடுங்கள். டிசம்பர் 27 வரவையும் எழுதுங்கள். கண்டுபிடித்த நாள் எது என்ற வாதம் உங்கள் கிளெய்ம் கடிதத்துக்கு உரியது. ஆடிட் அறிக்கைக்கு உரியதல்ல.

பழைய சர்வேயர் | 2025 மே 1

"அடுத்த வாரம் கட்டுகிறேன்" என்ற பதிலை நான் போதிய அளவு எடை போடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் என் கருத்து மாறவில்லை. அறிக்கையையும் கிளெய்ம் கடிதத்தையும் பிரித்து வைக்கச் சொன்னது மிகச் சரி.

கூடல்நகர் | 2025 மே 9

அறிக்கையையும் கிளெய்மையும் இன்று கொடுத்துவிட்டோம். அதற்கு முன் நடந்த ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். ஊழியரின் விளக்கம் கேட்டு ஆடிட்டர் அனுப்பிய பதிவுத் தபால் திரும்பி வந்திருந்தது. வீட்டு உரிமையாளர் மூலம் இன்னொரு பிரதி போய்ச் சேர்ந்து, ஊழியரின் மைத்துனர் வழியாக ஒரு பக்கக் கடிதம் வந்தது. வசூல் பணத்திலிருந்து 40,000 ரூபாயைத் தன் தாயாரின் ஆஸ்பத்திரிச் செலவுக்காக என் அண்ணனின் அனுமதியோடு எடுத்ததாக அதில் சொல்கிறார். மற்றத் தொகைகளைப் பற்றி ஒன்றும் இல்லை. அண்ணனைக் கேட்டால், நவம்பரில் 15,000 ரூபாயைத் தன் சட்டைப் பையிலிருந்து கொடுத்ததாகவும், வசூலைத் தொட ஒருபோதும் அனுமதிக்கவில்லை என்றும் உறுதியாகச் சொல்கிறார். இரண்டுக்கும் வவுச்சர் இல்லை.

எனக்கு இதை அறிக்கையில் சேர்க்க மனமே வரவில்லை. அனுமதியோடு எடுத்தது என்றால் அது கடனாகிவிடும். கடன் இந்தப் பாலிசியில் வராது. ஆனால் பென்சில் குறிப்பைச் சேர்த்த கையால் இதை விட்டுவிட முடியவில்லை. கடிதத்தின் பிரதி, அண்ணனின் எழுத்துமூல மறுப்பு, வவுச்சர் காணப்படவில்லை என்ற வரி ஆகிய மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஊழியருக்குத் தர வேண்டியிருந்த ஜனவரிச் சம்பளம் 18,000, நிறுத்தி வைத்த கமிஷன் 7,000 ஆகியவற்றை எங்கள் இழப்பிலிருந்து கழித்து, 4,20,000 ரூபாய்க்குக் கிளெய்ம் போட்டிருக்கிறோம்.

பங்க்காரர் | 2025 மே 10

சம்பளப் பாக்கியை ஏன் கழித்தீர்கள்? அதை நீங்கள் வைத்துக்கொண்டு கிளெய்மை முழுதாகக் கேட்டிருக்கலாமே?

பழைய சர்வேயர் | 2025 மே 10

கையாடல் நடந்திராவிட்டால் அவருக்குக் கொடுத்திருக்க வேண்டிய, உங்கள் கையில் இருக்கும் பணத்தை இழப்பிலிருந்து குறைக்க வேண்டும் என்று இந்தப் பாலிசிகளிலேயே எழுதியிருக்கும். அவர்கள் கழிப்பதற்கு முன் தாமே கழித்துக் காட்டியது நல்லது.

கூடல்நகர் | 2025 ஜூன் 18

காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயர் இரண்டு நாள் எங்கள் அலுவலகத்தில் இருந்தார். ரசீது 2386-ஐ மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். இணைப்புகளை வரிசை எண்படி எடுத்துச் சரிபார்த்துக்கொண்டே போனார். ஊழியரின் குணத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பாக்கிப் பட்டியல் போகாத 22 கடைகளின் பெயர்களைத் தனியாக எழுதி வாங்கி, அவற்றையும் எங்கள் இழப்புப் பட்டியலையும் ஒப்பிட்டார். இழப்பில் வரும் கடைகளில் ஐந்து அந்த 22-க்குள் உள்ளன.

கூடல்நகர் | 2025 ஜூலை 21

சர்வேயரின் அறிக்கைப் பிரதி கிடைத்தது. முதல் இரண்டு பிரிவுகளின் 3,87,000 ரூபாயை இழப்பாக ஏற்று, 25,000 கழித்து, 3,62,000 என்று கணித்திருக்கிறார். டிசம்பர் 18 குறிப்பை எடுத்தெழுதி, அதை வாடிக்கையாளர் புகார் என்று விவரித்து, கண்டுபிடித்த நாள் பற்றிய முடிவைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு விட்டிருக்கிறார். 40,000 ரூபாய் அனுமதி பற்றிய கடிதத்தையும் அண்ணனின் மறுப்பையும் அப்படியே அருகருகே வைத்திருக்கிறார். பாக்கிப் பட்டியல் குறை ஒரு தனிப் பத்தியாக இருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்தின் முடிவு இன்னும் வரவில்லை.

மூன்றாவது பிரிவை ரசீது இல்லாததால் சேர்க்கவில்லை. அந்த மூன்று கடைக்காரர்களில் ஒருவர் நேற்று தன் நாள்வழிக் குறிப்பேட்டைக் கொண்டுவந்தார். பிப்ரவரி 3-ஆம் தேதிப் பக்கத்தில், பால் பாக்கிக்கும் மின்கட்டணத்துக்கும் நடுவே, 22,000 ரூபாயும் எங்கள் நிறுவனத்தின் பெயரும் அவர் கையெழுத்தில் உள்ளன. ஊழியரின் கையெழுத்து அதில் இல்லை. அந்தப் பக்கத்தோடு முந்தைய பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் ஒளிநகல் எடுத்து, குறிப்பேடு யாரால் எப்போது காட்டப்பட்டது என்ற ஒரு வரியோடு இன்று காலை துணை இணைப்பாக அனுப்பியிருக்கிறோம்.